கறாரின் ஐஸ்கிரீம் பெட்டிச் சாவி

“என் சொந்த மக கல்யாணமாவே இருக்கட்டும். பாக்கி கைக்கு வராம என் ஐஸ்கிரீம் பெட்டி திறக்காது. சந்தேகம் இருக்கிறவங்க அன்னைக்கு நேர்ல வந்து பாருங்க!”

சமையல் காண்டிராக்டர்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், மைக் தன் பக்கம் திரும்பிய ஒரே காரணத்துக்காகக் கறார் இப்படி முழங்கினார். கூட்டத்தின் பொருள் எரிவாயு விலை. அதற்கும் ஐஸ்கிரீமுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டல் பலமாக இருந்தது. கைதட்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வெளியே வரவேண்டிய பாக்கி இருந்தது.

கறார் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. வைத்த பெயர் என்னவென்று அவருக்கே வங்கிக்குப் போகும்போதுதான் ஞாபகம் வரும். மனைவிகூட வெளியாளிடம் பேசும்போது “கறார் குளிச்சிட்டிருக்கார்” என்றுதான் சொல்வாள்.

எல்லா மகான்களையும் போலக் கறாரும் ஓர் அவமானத்திலிருந்து பிறந்தவர். தொழில் தொடங்கிய முதல் வருடம், பெரிய டாக்டர் ஒருவர் வீட்டு விருந்து. சாப்பிட்டவர்கள் விரலை நக்கினார்கள். பாக்கியைக் கேட்டபோது டாக்டர் தோளில் கைபோட்டு, “அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. கறார் ஸ்கூட்டரை விற்றுக் காய்கறிக் கடைக் கடனை அடைத்தார். அந்த டாக்டர் இன்னும் நலமாக இருக்கிறார். ரத்தக்கொதிப்புக்குக் கறார் அவரிடம்தான் போகிறார். அங்கே ஃபீஸ் முன்கூட்டியே கட்ட வேண்டும்.

அன்றிலிருந்து அவருடைய அலுவலகச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது: ‘அப்புறம் பார்த்துக்கலாம் என்பவர்கள் அப்புறம் வரவும்.’ அதற்குக் கீழே நிபந்தனைகள். தட்டுக்கு இன்ன விலை. உறுதி சொன்ன தட்டுகளுக்கு, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் காசு. அதற்கு மேல் போனால் கூடுதல் தட்டுக்கும் அதே விலை. ஆர்டர் கொடுக்கும்போது முன்பணம். மீதி விருந்தன்றே. எல்லாக் காண்டிராக்டரும் சொல்வதுதான். கடைசி நிபந்தனைதான் கறாரின் சொந்தக் கண்டுபிடிப்பு: சாப்பாடு முடியும் தறுவாயில் பாக்கி முழுதும் வந்து சேர்ந்த பிறகே ஐஸ்கிரீம்.

இதன் பின்னால் ஆழ்ந்த மனித ஆராய்ச்சி இருந்தது. பசித்தவன் முன்னால் சோற்றைப் பூட்டினால் அடிப்பான். வயிறு நிரம்பியவன் முன்னால் ஐஸ்கிரீமைப் பூட்டினால் வெட்கப்படுவான். குழந்தைகள் பெட்டியைச் சுற்றி நிற்க ஆரம்பித்தால், எப்பேர்ப்பட்ட கஞ்சனுக்கும் உள்பாக்கெட் ஞாபகம் வந்துவிடும். பெட்டிச் சாவி எப்போதும் கறாரின் சட்டைப்பையில், பேனாவுக்குப் பக்கத்தில் இருக்கும். பேனாவாவது சில சமயம் இரவல் போகும்.

இந்த நிலையில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று.

கல்யாணச் செலவு பெண் வீட்டாருடையது, மறுநாள் மதிய வரவேற்பு மாப்பிள்ளை வீட்டாருடையது என்று இரு குடும்பமும் சிரித்த முகத்தோடு பேசி முடித்தார்கள். அடுத்த வாரமே மாப்பிள்ளையின் அப்பா கறாரின் அலுவலகத்துக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பூட்டுக்கடை வைத்திருப்பவர். முதலில் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை என்பது அவருடைய குலப்பெருமை. ஆஸ்பத்திரியில் மகன் பிறந்தபோது பில்லில் தொட்டில் வாடகையைக் குறைக்கச் சொன்னவர் என்று கேள்வி.

“ஊருக்கெல்லாம் சமைக்கிற சம்பந்தி இருக்கும்போது நான் வேற எங்க போவேன்?” என்றார் பூட்டுக்கடைக்காரர். “ஒரு கொட்டேஷன் கொடுங்க. நம்ம வீட்டு விலையா.”

“நம்ம வீட்டு விலைன்னு ஒன்னு கிடையாதுங்க சம்பந்தி. விலைதான் இருக்கு.”

“அட, சொந்தத்துக்கு என்ன குறைப்பீங்க?”

“சொந்தத்துக்குக் குறைச்சா, வெளியாள்கிட்ட அதிகம் வாங்குறேன்னு அர்த்தம் ஆயிடும். அது தப்பில்லையா?”

பூட்டுக்கடைக்காரர் யோசித்தார். அது எங்கேயோ உதைக்கிற மாதிரி இருந்தது. ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை.

எதிர் மேஜையில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் மகள் உட்கார்ந்திருந்தாள். நான்கு வருடமாகக் கறாரின் எல்லாக் கொட்டேஷனையும் அடிப்பவள் அவள்தான். இப்போது தன் சொந்த வரவேற்புக்கு அடித்துக்கொண்டிருந்தாள்.

“வாடிக்கையாளர் பேருன்னு இருக்கிற இடத்துல ‘மாமா’ன்னு போடட்டுமா, இல்ல முழுப் பேரு போடவா?”

“முழுப் பேரு போடு. ‘மாமா’ன்னு போட்டா நாளைக்குக் கோர்ட்டுல செல்லாது.”

சம்பந்தி சிரித்தார். கறார் சிரிக்கவில்லை.

தட்டுக்கு எண்ணூற்று ஐம்பது. சூப், ரொட்டி, சோறு, வறுத்த கோழி, இரண்டு காய்கறி, சாலட், பரிமாற ஆள், பாத்திரம் எல்லாம் அதற்குள் அடக்கம். முந்நூறு தட்டு உறுதி. அது இரண்டு லட்சத்து ஐம்பத்தைந்தாயிரம். ஐஸ்கிரீம் தனி, பதினெட்டாயிரம். பழச்சாறு மேஜை பன்னிரண்டாயிரம். வண்டிக் கூலி ஆறாயிரம்.

“பழச்சாறு எதுக்கு? பழத்தை அப்படியே கொடுத்தா ஆகாதா? பல்லு இருக்கிறவங்கதானே வர்றாங்க?”

“ஆகும். அதுக்குப் பழ மேஜைன்னு பேரு. அது பதினாலாயிரம்.”

“அப்ப சாறே இருக்கட்டும். இந்த வண்டி? உங்க சொந்த வண்டிதானே?”

“சொந்த வண்டியும் டீசல்லதான் ஓடுது சம்பந்தி.”

“இருநூத்தி ஐம்பது தட்டுன்னு எழுதிட்டு, வர்றவங்க வரட்டும்னு விட்டா?”

“விடலாம். இருநூத்தி ஐம்பத்தோராவது ஆள் வந்து நிக்கும்போது நானும் அவரும் சேர்ந்து உங்களைப் பார்ப்போம்.”

சம்பந்தி பெருமூச்சு விட்டார். மொத்தம் இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றோராயிரம். “சலுகைன்னு ஒரு கட்டம் இருக்குப்பா, என்ன போட?” என்று மகள் கேட்டாள்.

“ஒரு கோடு போடு.”

கோடு நீளமாக விழுந்தது.

முன்பணமாக ஒரு லட்சத்தை எண்ணி வைத்துவிட்டு, எழுந்த சம்பந்தி மறுபடி உட்கார்ந்தார். வியாபாரி எழுந்த பிறகு உட்கார்ந்தால் அதில் விஷயம் இருக்கும்.

“எங்க பக்கம் நூத்தி எண்பது. உங்க பக்கம் நூத்தி இருபது. முந்நூறுக்கு மேல போனா நடத்துறவர் பொறுப்புன்னு போட்டிருக்கீங்க. கூட வர்றது உங்க ஆளா இருந்தா?”

“என் பக்கம் நூத்தி இருபதுன்னா நூத்தி இருபதுதான். ஒரு தலை கூடாது. தலை எண்ணிப் பொழைக்கிறவன் நான். எனக்கேவா?”

சம்பந்தி கையெழுத்துப் போட்டார். முன்பணத்துக்கு ரசீது வாங்கினார். பாக்கி ஒரு லட்சத்துத் தொண்ணூற்றோராயிரம். போகும்போது சுவரில் இருந்த நிபந்தனைப் பலகையைக் கடைசி வரி வரை படித்தார்.

அவர் தெருமுனை திரும்பியதும் மகள் கம்ப்யூட்டரை அணைத்தாள்.

“அப்பா, அன்னைக்கு அந்தச் சாவி உங்க பையில இருக்கக் கூடாது.”

“பின்ன எங்க இருக்கும்?”

“எங்கயோ இருக்கட்டும். பெட்டி திறந்திருக்கணும். போன வருஷம் அந்தத் துணிக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம் ஞாபகம் இருக்கா? முக்கால் மணி நேரம் பெட்டியைத் திறக்காம நின்னீங்க. அந்தப் பொண்ணுக்கு மாமியார் வீட்டுல இன்னைக்கும் பேரு என்ன தெரியுமா? ‘பூட்டுன பெட்டி’. ‘பூட்டுன பெட்டிக்குக் காப்பி கொடு’ங்கிறாங்களாம். நான் பூட்டுக்கடை வீட்டுக்கே போறேன். எனக்கு என்ன பேரு வைப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.”

“அதெல்லாம் சம்பந்தி நேரத்துல பாக்கியைக் கொடுத்துடுவார்.”

“கொடுக்கலைன்னா?”

கறார் பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையில் வைத்தார். சாவி கிணுக்கென்றது. மகள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். போகும்போது கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அது கறாருக்கு என்னவோ போலிருந்தது. அவள் எப்போதும் அறைந்துதான் சாத்துவாள்.

வரவேற்பு நாள் வந்தது. கறார் காலையில் சமையல்கட்டில் காண்டிராக்டராகவும், பதினொரு மணிக்குமேல் புதுச்சட்டையில் பெண்ணின் தகப்பனாகவும் இருந்தார். சாவி மட்டும் சட்டை மாறும்போது கூடவே மாறியது.

தட்டுக் கணக்கு மனைவியின் தம்பியிடம். பல வருடமாக அவன்தான் தட்டு எண்ணுபவன். முந்நூறு தட்டு மேஜைக்கு வரும். அதற்குமேல் வைத்திருக்கும் தட்டுகள் தனிக் கூடையில் கட்டிக் கிடக்கும். அந்தக் கூடையைப் பிரிப்பதென்றால் விருந்து நடத்துபவரின் ஆள் ஒரு சீட்டில் கையெழுத்திட வேண்டும். பிறகு வம்பு வராமலிருக்க அதுதான் வழி. சம்பந்தி சார்பில் சீட்டுக்கு நின்றவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. சம்பந்தியின் தம்பி என்பதால் அவரிடம் பேனாவை நீட்டுவதும் கருங்கல் சுவரில் ஆணி அடிப்பதும் ஒன்று.

எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கூட்டம் நுழைந்தது. முன்னால் சங்கத் தலைவர். பின்னால் சங்கம்.

கறார் தலைவருக்கு மட்டும்தான் அழைப்பு கொடுத்திருந்தார். ஓடிப்போய்க் கைகூப்பினார்.

“வாங்க தலைவரே. என்ன, எல்லாருமா?”

“நீதானேப்பா மைக்ல கூப்பிட்டே? ‘சந்தேகம் இருக்கிறவங்க நேர்ல வந்து பாருங்க’ன்னு. சங்கத்துல எல்லாருக்கும் சந்தேகம் இருந்துச்சு.”

பின்னாலிருந்து இனிப்புக் கடைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். “பெட்டி எங்க இருக்கு? சும்மா தெரிஞ்சுக்கத்தான்.”

பிறகு அவர்கள் வந்த காரியத்தைவிட முக்கியமான காரியமாகச் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஊரிலுள்ள அத்தனை சமையல்காரரும் ஒரே வரிசையில் நின்றால் என்ன நடக்கும் என்று கறார் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. ஒருவர் சூப்பை மோந்து பார்த்து “மிளகு போன மாசம் அரைச்சது” என்றார். ஒருவர் கோழிக்காலைத் திருப்பித் திருப்பி, சட்டத்தில் ஓட்டை தேடும் வக்கீல் மாதிரிப் பார்த்துவிட்டு, பிறகு இன்னும் இரண்டு கொடு என்றார்.

மனைவியின் தம்பி வேர்த்துக்கொண்டு ஓடி வந்தான்.

“அத்தான், முந்நூறும் தீர்ந்துடுச்சு. கூடையைப் பிரிக்கணும். சித்தப்பா கையெழுத்துப் போட மாட்டேங்கிறார்.”

“ஏன்?”

“‘வரிசையில நிக்கிறவன் ஒருத்தனாவது எங்க சொந்தம்னு காட்டு, போடுறேன்’ங்கிறார்.”

கறார் வரிசையைப் பார்த்தார். ஒரே ஒரு முகமாவது சம்பந்தி வீட்டு முகமாக இருக்கக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஏங்கினார். எல்லாம் சங்கத்து முகம். சங்கத் துணைச் செயலாளர் அவரைப் பார்த்துக் கையசைத்தார்.

“பிரிச்சுக் கொடு,” என்றார் கறார். “சாப்பிட வந்தவங்களை நிக்க வைக்கக் கூடாது.”

“சீட்டு?”

“பிரிடா.”

கூடுதலாக நாற்பத்தாறு தட்டு போனது. முப்பத்தொன்பதாயிரத்து நூறு. கறாரின் மூளை இதைப் போட்டுப் பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயன்றது. ஆனால் அது பழகிய மூளை. பாக்கியோடு சேர்த்து இரண்டு லட்சத்து முப்பதாயிரத்து நூறு என்று தானாகவே கூட்டியும் கொடுத்துவிட்டது.

சாப்பாடு முடியும் தறுவாயில் சம்பந்தி தடித்த உறை ஒன்றோடு பெட்டிப் பக்கம் வந்தார். குழந்தைகள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். எதிரே இரண்டு வரிசை நாற்காலிகளில் சங்கம் உட்கார்ந்திருந்தது. பல் குத்திக்கொண்டே பார்த்தது.

“சம்பந்தி, பாக்கி ஒன்னு தொண்ணூத்தியொன்னு. எண்ணிக்கோங்க.”

“கூடுதல் தட்டு நாற்பத்தாறு,” என்றார் கறார். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“அது யாரு, எங்க ஆளா?”

“நடத்துறவர் பொறுப்புன்னு எழுதியிருக்கு.”

“எழுதியிருக்கு. ‘என் பக்கம் ஒரு தலை கூடாது’ன்னு நீங்க சொன்னது எழுதலை, அவ்வளவுதான். மைக்ல கூப்பிட்டது நீங்க. சாப்பிட்டது அவங்க. கொடுக்கிறது நானா? நான் கூப்பிட்ட தலைக்கு ஒரு பைசா குறைக்காம கொடுக்கிறேன், பார்த்தீங்கல்ல? பேரம்கூடப் பேசலை. என் வாழ்க்கையில இதான் முதல் தடவை.”

அது உண்மை. கறாருக்கு அது உண்மையாக இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது. பேரம் பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

சம்பந்தி குனிந்து பெட்டியின் பூட்டைப் பார்த்தார். “நம்ம கடைப் பூட்டு. சாவி இல்லாமலே எனக்குத் திறக்கத் தெரியும். ஆனா நான் தொட மாட்டேன். உங்க பெட்டி, உங்க சட்டம்.”

“என்ன கறார்? பாக்கி வந்துடுச்சா?” என்று தலைவர் நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தார். இனிப்புக் கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ நோட்டை நீட்டினார். பந்தயம்.

சட்டப்படி கறாருக்கு இரண்டு வழிதான். ஒன்று, நாற்பத்தாறு தட்டுக்கும் காசு வரும்வரை பெட்டியைத் திறக்காமல் நிற்பது. இரண்டு, அந்தக் காசைத் தானே பையிலிருந்து எடுத்துத் தனக்கே கொடுத்து, “பாக்கி முழுதும் வந்தது” என்று அறிவித்துவிடுவது. இரண்டாவது வழி அவருக்குப் பிடித்திருந்தது. மானம் போகாது. ஆனால் பையில் இருந்தது பரிமாறும் ஆட்களின் அன்றைய கூலி. அதைத் தொட்டால் அவர்களிடம் “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று சொல்ல வேண்டியிருக்கும். டாக்டர் வேலையை அவர் செய்ய மாட்டார்.

அவர் மேடையைப் பார்த்தார்.

மகள் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை, அவனுக்கு அந்தப் பக்கம் மாமியாரும் இரண்டு நாத்தனார்களும். போட்டோகிராபர் சிரிக்கச் சொன்னார். எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். ஆனால் அவள் பார்த்தது கேமராவை அல்ல, பெட்டியை. கொட்டேஷன் அடிக்கும்போது கூட்டுத்தொகையை மறுபடி சரிபார்ப்பாளே, அந்தப் பார்வை. ஒரு நாத்தனார் அவள் கண் போன திசையில் திரும்பிப் பார்த்து, பூட்டைப் பார்த்து, இன்னொரு நாத்தனாரின் முழங்கையை இடித்தாள்.

ஒரு பெயர் பிறப்பதற்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

கறாரின் கை சட்டைப்பைக்குப் போனது. முதலில் பேனா வந்தது. அதைப் பல்லில் கடித்துக்கொண்டார். பிறகு சாவி வந்தது. பூட்டு நல்ல பூட்டு. ஒரே திருப்பில் திறந்துகொண்டது. பெட்டிக்குள்ளிருந்து குளிர்ப்புகை எழுந்து அவருடைய மூக்குக் கண்ணாடியை மூடியது. அந்த இரண்டு நொடி அவருக்கு உலகம் தெரியவில்லை. உலகத்துக்கு அவர் முகம் தெரியவில்லை. இரு தரப்புக்கும் அது நல்லதாகவே இருந்தது.

சங்கம் எழுந்து நின்றது. எழுந்து நிற்பது மரியாதைக்கா, ஐஸ்கிரீமுக்கா என்று அவர் ஆராயவில்லை. முதல் தட்டை அவரே ஏந்தி மேடைக்குக் கொடுத்தனுப்பினார். இரண்டாவதைத் தலைவரிடம் கொண்டுபோனார்.

“அப்போ பாக்கி முழுசா வந்துடுச்சு?” என்றார் தலைவர், விடாமல்.

“சாப்பிடுங்க தலைவரே. உருகிடும்.”

தலைவர் ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடினார். நல்ல ஐஸ்கிரீம். அதைக் குறைசொல்ல அவருக்கு வார்த்தை கிடைக்கவில்லை. பின்னால் பந்தயப் பணம் கைமாறிய சத்தம் கேட்டது. மேடையில் மகள் மாமியாருக்குக் கரண்டியைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாததில் கறாருக்கு நிம்மதியாக இருந்தது. அவள் வேறு வேலையில் இருக்கிறாள்.

நிம்மதி இல்லாமல் இருந்தவர் சம்பந்தி ஒருவர்தான். வெல்லத் தயாராக வந்தவரை எதிராளி விட்டுவிட்டுப் போனால் அவர் என்ன செய்வார்? உறையைக் கையில் வைத்துக்கொண்டு கறாரின் பின்னாலேயே பழச்சாறு மேஜை வரை வந்தார். அங்கிருந்து பாத்திரம் கழுவும் இடம் வரை வந்தார்.

“சம்பந்தி, நில்லுங்க. இதை வாங்கிக்கோங்க. பாதித் தட்டுக்கு வேணும்னா நான் கொடுத்துடுறேன். இருபத்திமூணு. சரியா?”

கறார் அடுக்கிய தட்டுகளை ஒரு முறை பார்த்தார். எண்ணவில்லை.

“போங்க, நீங்க முதல்ல ஐஸ்கிரீம் சாப்பிடுங்க.”

“அட, கணக்கை முடிச்சுட்டுப் போறேனே. பாக்கி இருக்குல்ல?”

கறார் சுற்றும் முற்றும் பார்த்தார். சங்கத்து ஆள் யாரும் காதெட்டும் தூரத்தில் இல்லை. சம்பந்தியின் தோளில் கைபோட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்று வரை தன் வாயில் நுழைந்திராத இரண்டு வார்த்தைகளை, கழுவும் குழாய்ச் சத்தத்தில் பாதி அமிழ்ந்துபோகும்படி, மெல்லச் சொன்னார்.

“அப்புறம் பார்த்துக்கலாம்.”